கதிரையைப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது: பேரப்பிள்ளை கண்டவர்கள் எழுதும்போது

1990களில் பங்கர் வாசலுக்குப் பக்கத்தில் ஏணை கட்டியவர்களுக்கு இப்போது ஐம்பத்தைந்து, அறுபது வயது. அந்த ஏணைகளில் கிடந்தவர்கள் முப்பதை எட்டிவிட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கின்றன. நானும் ஏணையில் கிடந்த அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவள்.

கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் ஐந்து பேர் தங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கொப்பிகளில் எழுதிவந்தார்கள். நான்கு அம்மம்மாக்களும் ஒரு அப்பப்பாவும். அவற்றைக் கணினியில் தட்டச்சு செய்து தரும்படி அவர்களில் ஒருவரின் மருமகள் கேட்டதால்தான் நான் அங்கே போனேன். போன இடத்தில் கேள்வி கேட்கிறவளாகவும் ஆகிவிட்டேன். தன் பிள்ளை தாயாவதையோ தகப்பனாவதையோ முதல்முறையாகப் பார்க்கிற ஒருவர் அதை எழுத உட்காரும்போது என்ன நடக்கிறது, எங்கே எழுத்து இறுகி நின்றுவிடுகிறது, எப்படித் திரும்பவும் ஓடத் தொடங்குகிறது என்பதை அந்த ஐந்து கொப்பிகளை வைத்தே இங்கே விளக்குகிறேன். எழுதியவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மனு எழுதிப் பழகிய கை

ஐந்து கொப்பிகளும் ஒரே மாதிரித்தான் தொடங்கின. முதல் பக்கத்தில் 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்திலிருந்து சனம் வெளிக்கிட்ட இரவு. அதன் பிறகு தென்மராட்சி, கிளாலிக் கடல், வன்னி, ஒவ்வொரு இடத்திலும் போட்ட கொட்டில், கடைசியில் முள்ளிவாய்க்கால், மெனிக் பாம். ஒரு கொப்பியில் பதினான்காம் பக்கம் வரை பேரப்பிள்ளை பிறக்கவே இல்லை. பிறந்த இடத்திலும் ஒரு வரிதான்: ‘தற்போது எனக்கு ஒரு பேரன் உண்டு.’

இதற்குக் காரணம் எழுதத் தெரியாமை இல்லை. இவர்கள் கடந்த பதினைந்து வருடங்களில் தங்கள் வாழ்க்கையைப் பலமுறை எழுதியும் சொல்லியும் இருக்கிறார்கள். கிராம அலுவலருக்கு, வீட்டுத்திட்டப் படிவத்துக்கு, தொண்டு நிறுவனங்களின் கேள்விக்கொத்துக்கு, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவுக்கு, பிறகு பரணகம ஆணைக்குழுவுக்கு, பிறகு காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு. அந்த இடங்கள் எல்லாம் கேட்டவை திகதி, இடம், யார் இல்லை, என்ன போனது என்பவைதான். கேட்ட ஒழுங்கிலேயே சொல்லிச் சொல்லி, சொந்த வாழ்க்கை என்றாலே அந்த ஒழுங்குதான் வரும் என்று கை பழகிவிட்டது. மனுவில் ‘மகள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தாள்’ என்று எழுத இடமில்லை. பேரப்பிள்ளைக் கொப்பிக்கு வேண்டியதோ அந்த முழங்கைதான்.

அதனால் அந்தப் பதினான்கு பக்கங்களையும் கிழிக்கச் சொல்லவில்லை. அது எழுதி முடிக்கப்பட வேண்டிய ஒன்று. சிலருக்கு அதை எழுதாமல் அடுத்ததற்குப் போகவே முடியாது. கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கச் சொன்னேன். முன்பக்கத்தில் இடம்பெயர்வு. பின்பக்கத்தில் வீட்டுக்குள் இப்போது நடப்பது. இரண்டும் நடுவில் எங்கேயோ சந்திக்கும். எல்லோருக்கும் சந்தித்தது.

பார்க்கிறவருக்குத் தெரிவது

பிள்ளை வளர்க்கும்போது நாம் எப்படி வளர்த்தோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. கை வேலையில் இருக்கும். அதுவும் பங்கருக்கும் அடுப்புக்கும் இடையில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு நின்று பார்க்க நேரம் இருந்ததேயில்லை. இருபத்தைந்து, முப்பது வருடங்களுக்குப் பிறகு அதே வேலையைத் தன் மகள் செய்கிறாள். தாய் முதல்முறையாகப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்க்கிறார். மகள் செய்கிற ஒவ்வொன்றும் ‘நான் அப்போது என்ன செய்தேன்?’ என்று கேட்கவைக்கிறது. மகளைப் பார்க்கப் போய்த் தன்னையும் பார்க்க வேண்டியிருப்பதால்தான் இந்த எழுத்து பலருக்கு இடறுகிறது.

உளவியலில் இதற்கு அருகில் வருகிற ஒரு பழைய கட்டுரை உண்டு. அமெரிக்க உளப்பகுப்பாய்வாளரான செல்மா பிறைபேர்க் தன் சகாக்களுடன் 1975இல் எழுதியது. தன் கைக்குழந்தை அழும்போது எழும்பிப் போகாத ஓர் இளம் தாயைப் பற்றி அதில் வருகிறது. அவளுக்குக் குழந்தையின் அழுகை காதில் விழாதது போல இருந்தது. அவளுடைய சிறுவயதில் அவள் அழுதபோது யாரும் வரவில்லை என்பதை அவள் சொல்லி, அதற்காக அழவும் முடிந்த பிறகுதான் தன் பிள்ளையை அள்ளி எடுக்கத் தொடங்கினாள். பிள்ளையின் அறைக்குள் பெற்றோரின் பழைய காலம் பேயாக வந்து நிற்கிறது என்ற பொருளில் அந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். பிறைபேர்க் பார்த்தது தாயையும் பிள்ளையையும். எங்கள் வீடுகளில் அந்த அறைக்குள் மூன்றாவது ஆளாக அம்மம்மாவும் இருக்கிறார். பழைய காலத்தில் நடந்தது என்னவென்று தெரிந்தவரும் அவர் ஒருவர்தான்.

ஒரு பக்கம் மூன்று முறை எழுதப்பட்ட கதை

ஒரு அம்மம்மாவின் கொப்பியிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. 1996 புரட்டாதியில், கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போன அதே மாதத்தில், ஸ்கந்தபுரத்தில் மகளைப் பெற்றவர். இப்போது அந்த மகளுக்கு ஒரு பெண்பிள்ளை. அவர் அந்தப் பக்கத்தை எழுதிய நேரம் பேத்திக்கு நாலு மாதம்.

முதல்முறை அவர் எழுதியது இது: ‘இக்காலத்துத் தாய்மார் பிள்ளைகளை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நாம் அவ்வாறு வளர்க்கவில்லை. பிள்ளை அழுதவுடன் அள்ளி எடுத்தோம். அன்பு குறைந்துவிட்டது.’

இது புத்திமதி. இப்படி எழுதும்போது மகள் மறைந்துவிடுகிறாள். ‘இக்காலத்துத் தாய்மார்’ வந்து குந்திவிடுகிறார்கள். தமிழும் பாடசாலைக் கட்டுரைத் தமிழாகிவிடுகிறது. எழுத்து நின்றுவிட்டதற்கு நான் கண்ட நம்பகமான அடையாளம் இந்த இரண்டும்தான்: ஒருமையில் இருந்த ஆள் பன்மையாவது, கதைக்கிற தமிழ் மேடைத் தமிழாவது.

அவரிடம் ஐந்து விசயம் கேட்டேன். எந்த நாள்? மகள் எங்கே இருந்தாள்? அவளுடைய கை என்ன செய்துகொண்டிருந்தது? நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பிறகு என்ன நடந்தது? எழுத வேண்டாம், சொல்லுங்கோ என்று கைபேசியில் ஒலிப்பதிவு செய்தேன். அதைக் கேட்டு அவரே எழுதிய இரண்டாவது பக்கம்:

‘வியாழக்கிழமை. பின்னேரம் மூண்டு மணி இருக்கும். மகள் விறாந்தையில கால் நீட்டி இருந்தவள். பிள்ளை கால்ல கிடந்தது. வீரிட்டு அழுதது. அவள் தூக்கேல்லை. “என்னம்மா, என்ன சொல்லப் போறியள்” எண்டு பிள்ளையைக் கேட்டவள். கேட்டுப்போட்டு அதின்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தவள். நான் குசினிக்குள்ள வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தனான். என்ர கை நிண்டிட்டுது. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிப்போட்டன். மகள் ஒண்டும் சொல்லேல்லை. என்னைப் பாத்தவள்.’

இதில் அன்பு குறைந்தது என்றோ கூடியது என்றோ ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வெங்காயத்தோடு நின்ற கை இருக்கிறது. அந்தக் கை ஏன் நின்றது? இதைத்தான் அடுத்த தடவை கேட்டேன்: உங்கள் மகளுக்கு நாலு மாதமாக இருந்தபோது அவள் அழுதால் யார் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை பக்கம் தயாராக இருந்தது:

‘கிபிர் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள இறங்குவம். பக்கத்து வளவுச் சனமும் எங்கட பங்கருக்குத்தான் வரும். பிள்ளை அழுதால் எல்லாரும் என்னைத்தான் பாப்பினம். மேல போறவனுக்கு ஒரு பிள்ளை அழுறது கேக்காது எண்டு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் பாப்பினம். நான் உடன நெஞ்சோட அமத்திப் பாலைக் குடுத்துப்போடுவன். பசிச்சு அழுதாலும் பால்தான். பயந்து அழுதாலும் பால்தான். வயித்துக்குத்தெண்டாலும் பால்தான். அவளின்ர அழுகையில எது எது எண்டு எனக்கு ஒருநாளும் தெரியேல்லை. கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. என்ர மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.’

முதல் பக்கத்தில் குற்றமாக இருந்த அதே செயல் மூன்றாவது பக்கத்தில் வேறு ஒன்றாகிவிட்டது. அவர் தன் கருத்தை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் பேத்தி அழுதால் அவர்தான் முதலில் ஓடுகிறார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. மகள் அந்தப் பக்கங்களை வாசித்தார். முதலில் சொன்னது, ‘நான் கால் நீட்டி இருக்கேல்லை, சம்மணம் கட்டி இருந்தனான்.’ பிறகு சொன்னது: ‘அம்மா, நான் பொறுமையா அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தன் எண்டு எழுதியிருக்கிறியள். அண்டைக்கு எனக்கு இடுப்பு நோ. எழும்ப ஏலாமல் இருந்தது. அதுதான் கதை குடுத்துக்கொண்டு இருந்தனான்.’

இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். பக்கத்தைத் திருத்தவில்லை, கீழே மகளின் பதிலையும் தாய் எழுதிக்கொண்டார். பெற்ற பிள்ளை என்பதால் அவள் மனதில் ஓடுவது எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் பலர் எழுதுகிறார்கள். கண் கண்டதை எழுதலாம். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதை அவளிடம் கேட்கத்தான் வேண்டும். பிள்ளை ஒரு தாயாகிவிட்டாள் என்பதை அந்த அம்மம்மா உண்மையில் உணர்ந்தது பேத்தி பிறந்த அன்று அல்ல, மகள் ‘அது அப்படி இல்லை’ என்று சொன்ன அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தண்ணீர்ச் சண்டை

எல்லாப் பக்கங்களும் இவ்வளவு பாரமானவை அல்ல. நான்கு அம்மம்மாக்களின் கொப்பியிலும் ஒரு தண்ணீர்ச் சண்டை இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லிவிடுகிறார். ‘நாங்கள் கொத்தமல்லித் தண்ணி குடுத்து வளர்த்த நீதான் இண்டைக்கு எனக்குச் சட்டம் சொல்லுறாய்’ என்பது அம்மம்மா. வசம்பு, காயம், முப்பத்தொண்டுக்கு முதல் பிள்ளையை வெளியே கொண்டுபோகலாமா என்பதிலும் இதே கதைதான்.

தண்ணீர் விசயத்தில் கிளினிக் சொல்வதுதான் சரி. தாய்ப்பாலிலேயே பிள்ளைக்கு வேண்டிய தண்ணீர் இருக்கிறது. வெளித் தண்ணீரால் வயிற்றோட்டம் வரலாம், பால் குடிப்பதும் குறையும். ஆனால் கொப்பிக்கு யார் சரி என்பது அவ்வளவு முக்கியமில்லை. ‘நான் சொன்னதை மகள் கேட்கவில்லை’ என்று முடித்துவிட்டால் அது முறைப்பாடு. மகள் எப்படி மறுத்தாள் என்று எழுதினால் அதற்குள் ஓர் ஆள் தெரிவாள். ஒரு மகள் தாயின் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கித் தானே அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரண்டியைக் கழுவி வைத்தாளாம். அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது அந்தப் பெண்ணை எனக்கு நேரில் தெரிந்தது போல இருந்தது.

அப்பப்பாவின் கணக்குப் புத்தகம்

ஐந்து கொப்பிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அப்பப்பாவினுடையது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். மகன் ரொறன்ரோவில். பேரனைக் கைபேசித் திரையில் மட்டும்தான் கண்டிருக்கிறார். ‘எனக்குக் கதை எழுத வராது தங்கச்சி’ என்றவர், சீ.ஆர். கொப்பியில் கோடு இழுத்து ஒவ்வொரு வட்ஸ்அப் அழைப்பையும் பதிந்து வைத்திருந்தார். திகதி, நேரம், கண்டது. மூன்று நிரல்.

‘இரவு 8.10. மகன் பம்பஸ் மாற்றினான். கமரா கூரையைக் காட்டியது. குரல் மட்டும்.’

‘இரவு 8.25. பேரன் நித்திரை. மகன் பக்கத்தில் படுத்திருந்தபடி கதைத்தான். தாடி வளர்ந்திருக்கிறது.’

‘இரவு 8.05. மகன் பால் போத்தல் கழுவினான். நான் என் பிள்ளைகளின் ஈரத்துணி தொட்டதில்லை.’

கடைசி வரி மூன்றாவது நிரலுக்குள் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கண்டதை மட்டும் எழுதிக்கொண்டு வந்த கணக்குக்குள் அது தானாக வந்து விழுந்திருக்கிறது. ஆண்கள் பலருக்கு இந்த வழி பொருந்தும் என்று தோன்றுகிறது. உணர்ச்சியை எழுதச் சொன்னால் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். நேரமும் கண்டதும் என்றால் எழுதுவார்கள்.

அவருடைய மனைவி 2009இல் ஷெல் பட்டு இறந்தவர். ஓரிடத்தில் இப்படி ஒரு பதிவு: ‘இரவு 8.40. கமரா கூரையில். மகன் ஆராட்டினான். இழுக்கிற இடத்தில் தாய் இழுப்பது போல இழுத்தான்.’ அதற்குப் பிறகு பன்னிரண்டு நாட்கள் பதிவு இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

திகதி எப்படிப் பிடிப்பது

பேரப்பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்து எல்லாம் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. நிறை, உயரம், பீ.சீ.ஜீ. ஊசி முதல் ஒவ்வொரு தடுப்பூசியின் திகதி, பச்சைப் பகுதிக்குள் ஏறிப்போகிற நிறைக்கோடு. மகளின் கொப்பியோ இடம்பெயர்வில் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழே பிறகு நடமாடும் சேவையில் எடுத்ததாக இருக்கும். அதில் உள்ள திகதியும் சிலருக்குச் சரியானதில்லை. அதனால் ‘மகள் எத்தனை மாதத்தில் பிரண்டாள், எப்போது பல் வந்தது’ என்று பேரப்பிள்ளையோடு ஒப்பிட்டு எழுத வரும்போது கை தடுமாறுகிறது.

அப்படியானால் திகதியைத் தேடாமல் இடத்தைத் தேடலாம். நினைவு எங்களுக்கு இடத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. பல்லுக்கொழுக்கட்டை எந்தக் கொட்டிலில் அவித்தது? கொழுக்கட்டைக்குத் தேங்காய் எங்கே கிடைத்தது? இடம் தெரிந்தால், எல்லோருக்கும் தெரிந்த திகதிகளுக்கு இடையில் அதை வைக்கலாம். 1996 புரட்டாதியில் கிளிநொச்சி விழுந்தது, 2002 பெப்ரவரியில் சமாதான ஒப்பந்தம், அந்த வருடம் சித்திரையில் ஏ9 திறந்தது, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2009 ஜனவரி 2 கிளிநொச்சி திரும்பவும் இராணுவத்திடம் போனது. ‘பாதை திறக்க முதலா, பிறகா’ என்று கேட்டால் காலத்தை இன்னும் நெருக்கிப் பிடிக்கலாம். அதற்கு மேல் தெரியாவிட்டால் ‘மழைக்காலம்’ என்று எழுதினாலும் பரவாயில்லை. ஊகித்து ஒரு திகதி போடுவதைவிட அது நல்லது. பிறகு அந்தக் கொப்பியை வாசிக்கப்போகிறவர்கள் அதை நம்புவார்கள்.

இல்லாத மகனின் காலம்

ஒரு கொப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. மூத்த மகன் 2009 மே மாதத்திலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர். இருந்திருந்தால் அவரும் இப்போது தகப்பன். மகளைத் தாயாகப் பார்க்கிற ஒவ்வொரு வேளையிலும் தகப்பனாகப் பார்க்க முடியாத மகனும் கூடவே வருகிறார்.

அவர் எழுத்தில் இடறிய இடம் வினைச்சொல். தமிழில் பெரும்பாலான வினைகள் காலத்தைச் சொல்லித்தான் வரும். ‘உனக்கு ஒரு மாமா இருந்தார்’ என்று எழுத அவருக்கு மனமில்லை. ‘இருக்கிறார்’ என்று எழுதினால் பிள்ளை வளர்ந்து எங்கே என்று கேட்கும். இரண்டு மூன்று பக்கங்களில் அந்தச் சொல்லை எழுதி வெட்டி எழுதி வெட்டியிருந்தார். தட்டச்சு செய்கிறவர்கள், பிள்ளைகள், திருத்திக் கொடுக்கிற ஆசிரியர்கள் இந்த இடத்தில் கைவைக்கக் கூடாது. காலம் மாறி மாறி வருவது இலக்கணப் பிழை மாதிரித் தெரியும். அது பிழை இல்லை. கடைசியில் அவர் எழுதியது: ‘உன்ர அம்மா சின்னனில சோறு தீத்தேக்கை மாமா காகம் காட்டுவான். இப்ப உன்ர அம்மா உனக்குக் காகம் காட்டுறாள். அது அவன் காட்டின மாதிரித்தான்.’ மாமா எங்கே என்பது அதில் இல்லை. மாமா என்ன செய்தார் என்பது இருக்கிறது.

யாருக்குக் காட்டுவது, எதை விடுவது

பேரப்பிள்ளையைப் பற்றிய கொப்பி என்றாலும் அதில் பாதி மகளின் அல்லது மருமகளின் உடம்பும் குடும்பமும்தான். பால் சுரக்கவில்லை, தையல் பழுத்தது, மருமகன் கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் அம்மம்மா கண்ட உண்மைகள். ஆனாலும் அவை மகளுடையவை. வீட்டுக்கு வெளியே போகமுதல் மகள் ஒருமுறை வாசிக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை ஒட்டி மூடலாம், அல்லது தனிக் கொப்பியில் வைக்கலாம். முகநூலில் போடுவதென்றால் பிள்ளையின் முழுப்பெயரும் பிறந்த திகதியும் ஒளிப்படமும் ஒன்றாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய காலத்தைத் தொடும் பக்கங்களில் இன்னொரு கவனமும் வேண்டும். யார் எங்கே இருந்தார், எந்த அமைப்பில் இருந்தார், யார் வீட்டில் ஒளித்திருந்தார் என்று எழுதும்போது பெயர் தேவையில்லை. ‘சின்னண்ணை’, ‘பின்வளவு அக்கா’ என்ற உறவுமுறையே போதும். வாசிக்கப்போகிற பேரப்பிள்ளைக்கு அம்மம்மா வாயால் சொல்லலாம். விசாரணைக்கு ஆட்கள் வந்துபோகிற ஊர்களில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பாரம் கூடினால்

எழுதினால் மனம் லேசாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. இதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர். 1986இல் வெளிவந்த ஆய்வில் அவரும் சக ஆய்வாளரும் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் மனதைப் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்குக் கவலை கூடத்தான் செய்தது. பயன் தெரிந்தது மாதங்கள் கழித்துத்தான். அதுவும் பல்கலைக்கழக மாணவர்கள். மூன்று மாதம் ஷெல்லடிக்குள் நடந்தவர்கள் அல்ல.

ஆகவே எங்கள் கிராமத்து ஐவரும் தமக்குள் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டார்கள். பகலில் மட்டும் எழுதுவது. வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும்போது எழுதுவது. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் விடுவது. மே மாதத்தில் கொப்பியை எடுக்காமல் விடுவது. பிள்ளையைக் குளிப்பாட்டி நித்திரையாக்கிய பிறகு வரும் பத்து நிமிடம் நல்ல நேரம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மணம் கையில் இருக்குமாம். எழுதிய பிறகு பல இரவுகள் தொடர்ந்து நித்திரை வராமல் போனாலோ, பிள்ளையைத் தூக்கவே பயம் வந்தாலோ, சத்தம் கேட்டால் திரும்பவும் பழையபடி உடம்பு நடுங்கினாலோ கொப்பியை மூடிவிட்டு மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒருவர் போனார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் எழுதத் தொடங்கினார், தண்ணீர்ச் சண்டையிலிருந்து.

கொப்பி ஒன்று மட்டும் இருந்தால் அது ஒருநாள் நனையும், அல்லது கறையான் தின்னும். பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் கைபேசியால் நேராகப் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை ஒருவருக்கும் உள்ளூரில் ஒருவருக்கும் அனுப்பி வைக்கலாம். பென்சிலால் எழுத வேண்டாம். நீலப் பேனையைவிடக் கறுப்புப் பேனை படத்தில் தெளிவாக வரும். அந்த அப்பப்பா தன் மூன்று நிரலையும் மாதக் கடைசியில் படம் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார். போன மாதம் மகன் ஒரு பதிவின் நேரம் பிழை என்று திருத்தி அனுப்பியிருந்தார்.